சொட்டுநீர்ப் பயிற்சிப் படங்கள்: கொல்லையில் தவறு நடந்தால் படத்தில் எதைத் திருத்துவது

வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கம், இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் பயிரிடும் உழவர்களுக்காகச் சொட்டுநீர்ப் பாசனம் பற்றி ஒரு படத் தொகுப்பு தயாரித்தேன். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து கடைசிச் செடி வரை தண்ணீர் எப்படிப் போகிறது, வடிகட்டியை எப்படிக் கழுவுவது, உப்புப் படிந்தால் எப்படி நீக்குவது என்பவற்றை வரைபடங்களாகவும் படிப்படியான புகைப்படங்களாகவும் பவர்பாயிண்டில் அடுக்கினேன். ஊர்ச் சமுதாயக் கூடத்தில் ஒரு காலை முழுவதும் பயிற்சி நடந்தது. எல்லோரும் தலையசைத்தார்கள், சிலர் படங்களைத் தங்கள் கைப்பேசிக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டார்கள்.

அடுத்த சில வாரங்களில் அவர்களுடைய கொல்லைகளுக்குப் போனபோதுதான் என் படங்களில் இருந்த பிழைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. ஓர் உழவர் தவறாகச் செய்தால் அவர் கவனிக்கவில்லை என்று நினைப்பது எளிது. நான் பார்த்த வரையில் பெரும்பாலானவர்கள் படத்தில் இருந்ததை அப்படியே செய்திருந்தார்கள். அதனால் இந்தக் குறிப்பை அறிகுறிவாரியாக எழுதுகிறேன். கூடத்திலோ கொல்லையிலோ எதைப் பார்த்தால் எந்தப் படத்தைத் திறந்து எதை மாற்ற வேண்டும் என்பதே இதில் உள்ளது.

அறிகுறி: வேறு கணினியில் தமிழ் எழுத்து உடைகிறது

இதில் மூன்று வகை உண்டு, மூன்றுக்கும் காரணம் வேறு. ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும் கலந்து வந்தால், அந்த வாசகம் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துரு முறையில் தட்டச்சு செய்யப்பட்டது. அந்த எழுத்துரு இந்தக் கணினியில் இல்லை. பழைய துண்டறிக்கைகளிலிருந்து வெட்டி ஒட்டும்போது இப்படி ஆகும். அதை யூனிகோடுக்கு மாற்றித்தான் ஆக வேண்டும். வெறும் கட்டங்கள் வந்தால் வாசகம் யூனிகோடுதான், தமிழ் எழுத்துருதான் அங்கே இல்லை. எழுத்து ஒழுங்காக வந்து கடைசி வரி மட்டும் படத்துக்கு வெளியே போய்விட்டால், கணினி வேறொரு தமிழ் எழுத்துருவை எடுத்துக்கொண்டது என்று பொருள்.

பின்னிரண்டுக்கும் விண்டோஸ் பவர்பாயிண்டில் `File > Options > Save` என்ற பகுதியில் `Embed fonts in the file` என்பதைத் தேர்ந்து சேமித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். எல்லா எழுத்துருக்களும் இப்படிப் பதிய அனுமதிப்பதில்லை என்பதால் பலர் தொகுப்பை பிடிஎஃப் ஆக மாற்றிக்கொண்டு போகிறார்கள். பயிற்சிக்கு முந்தைய இரவு நானும் அதைத்தான் செய்தேன். எழுத்துப் பிரச்சினை தீர்ந்தது. அடுத்து வரும் பிழை, எல்லாவற்றிலும் பெரியது, அந்த பிடிஎஃப்பிலிருந்துதான் பிறந்தது.

அறிகுறி: கடைமடைச் செடி வாடுகிறது, உழவர் உங்கள் படத்தையே எடுத்துக் காட்டுகிறார்

பயிற்சி முடிந்து பத்து நாளில் ஓர் உழவர் அழைத்தார். 50 சென்ட் கத்தரி, புதிதாகப் போட்ட சொட்டுநீர். "முதல் பாத்தி நன்றாக இருக்கிறது தம்பி, கடைசிப் பக்கம் மத்தியானத்தில் இலை தொங்குகிறது" என்றார்.

போய்ப் பார்த்தேன். கொல்லை இரண்டு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்வு வைத்திருந்தார்கள். இரண்டு வால்வுகளும் திறந்திருந்தன. ஏன் என்று கேட்டேன். அவர் கைப்பேசியை எடுத்து என் படத்தைக் காட்டினார். "நீங்கள் கொடுத்த படத்தில் இரண்டு பக்கமும் நீலமாகத்தானே ஓடுகிறது?"

அவர் சொன்னது உண்மை. நான் வரைந்தபோது அந்தப் படம் அசைவோடு இருந்தது. முதல் சொடுக்கில் முதல் பகுதியில் மட்டும் நீலக்கோடு வரும்; அடுத்த சொடுக்கில் அது மறைந்து இரண்டாம் பகுதியில் வரும். பிடிஎஃப் ஆக மாற்றும்போது அசைவு போய்விடுகிறது, அந்தப் பக்கத்தில் வைத்த எல்லாப் பொருள்களும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே படத்தில் விழுகின்றன. அதனால் கொல்லை முழுவதும் ஒரே நேரத்தில் நீலம். கூடத்தில் அந்தப் பக்கத்தைக் காட்டியபோது வாயால் சரியாகச் சொல்லிவிட்டேன் என்பதால் எனக்கே அது உறைக்கவில்லை. என் சொல் கூடத்தோடு முடிந்தது. படம்தான் அவரோடு கொல்லைக்குப் போனது.

கடைமடை வாடுவதற்கு வேறு காரணங்களும் உண்டு என்பதால், படத்தின் மேல் பழியைப் போடும் முன் அளந்து பார்க்க வேண்டும். அதற்கு அவர் வீட்டு டம்ளரே போதும். ஒரு மணிக்கு 4 லிட்டர் சொட்டும் சொட்டுவான், அதாவது எல்லோரும் டிரிப்பர் என்று சொல்வது, மூன்று நிமிடத்தில் சரியாக 200 மில்லி கொடுக்க வேண்டும். 200 மில்லி பிடிக்கும் டம்ளர் ஒன்றை, சொட்டுவானுக்குக் கீழே சிறு குழி தோண்டி வைத்து மூன்று நிமிடம் பார்த்தோம். தலைப்பக்கம் முக்கால் டம்ளருக்கு மேல் வந்தது. நடுவில் அதைவிடக் குறைவு. கடைசி வரிசையின் கடைசியில் அரை டம்ளர்கூட இல்லை.

இந்த மாதிரி தலையிலிருந்து கடைவரை சீராகக் குறைந்துகொண்டே போனால் தண்ணீர் போதவில்லை, அழுத்தம் இல்லை என்று பொருள். ஒரு வரிசை மட்டும் முழுதாக மெலிந்திருந்தால் அந்தக் குழாய் மடிந்திருக்கும், அல்லது துணைக்குழாயோடு சேரும் இடத்தில் ரப்பர் வளையம் நழுவியிருக்கும். நல்லதும் கெட்டதுமாக ஒழுங்கின்றிக் கலந்து வந்தால் அடைப்பு. சாதாரணச் சொட்டுவானில் டம்ளர் பாதியாகக் குறைந்தால் அழுத்தம் ஏறக்குறைய கால் பங்காகிவிட்டது என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். அழுத்தத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும் வகைச் சொட்டுவானுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

அடுத்து போர் எவ்வளவு தருகிறது என்று பார்த்தோம். 200 லிட்டர் டிரம் ஒன்று அவர் பம்ப் கொட்டகையிலேயே இருந்தது. அது நிரம்ப இரண்டு நிமிடம் ஆனது. அப்படியானால் மணிக்கு 6,000 லிட்டர். கொல்லை எவ்வளவு குடிக்கும்? 50 சென்ட் என்பது 21,780 சதுர அடி. வரிசைக்கு வரிசை 5 அடி, ஆகவே குழாயின் மொத்த நீளம் சுமார் 4,356 அடி. இரண்டு அடிக்கு ஒரு சொட்டுவான் என்றால் சுமார் 2,180 சொட்டுவான்கள். ஒவ்வொன்றுக்கும் 4 லிட்டர் என்று பெருக்கினால் மணிக்கு 8,700 லிட்டர் வேண்டும். போர் தருவதோ 6,000.

ஒரு வால்வை மட்டும் திறந்தால் தேவை பாதியாகி 4,350 லிட்டரில் நிற்கிறது. டிரம்மில் அளந்த 6,000 என்பது திறந்த வாயில் கொட்டும் அளவு. வடிகட்டி, குழாய் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு போகும்போது அது குறையும். அந்தக் குறைவுக்கும் இங்கே இடம் இருக்கிறது. மிச்சம் இருப்பதை பைபாஸ் வால்வு வழியாகத் தொட்டிக்கே திருப்பிவிட்டு, வடிகட்டிக்கு அப்புறம் உள்ள அழுத்த அளவியில் முள் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோவுக்குச் சற்று மேலே நிற்குமாறு வைத்தோம். இரண்டாவது வால்வை மூடி ஐந்து நிமிடம் கழித்து மறுபடி டம்ளர் வைத்தோம். தலையில் நிரம்பி வழிந்தது, கடையில் ஒரு விரல் அளவுதான் குறைவு. அதற்கு மேல் எந்தக் கருவியையும் தொடவில்லை.

அவருக்கு இருந்த ஒரே கவலை நேரம். மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்குள் இரண்டையும் முடிக்க வேண்டுமே என்றார். இரண்டையும் திறந்து இரண்டு மணி நேரம் ஓட்டிக்கொண்டிருந்தவர், இனி பகுதிக்கு ஒரு மணி நேரம் ஓட்டினால் அதே இரண்டு மணி நேரம்தான். ஆனால் கடைசிச் செடிக்கும் 4 லிட்டர் போகும்.

இனி படத்தைத் திருத்துவது. அசைவை முழுவதும் எடுத்துவிடுங்கள். ஒரு நிலைக்கு ஒரு பக்கம் என்று பிரியுங்கள். இடப்பக்கச் சிறு படத்தைத் தேர்ந்து `Ctrl+D` அழுத்தினால் அதே பக்கம் மறுபடி கிடைக்கும், அதில் நீலத்தை மட்டும் மாற்றினால் போதும். வால்வின் கைப்பிடியையும் மறக்காமல் வரையுங்கள். பந்து வால்வில் கைப்பிடி குழாயோடு ஒரே கோட்டில் இருந்தால் திறந்தது, குறுக்கே இருந்தால் மூடியது. என் பழைய படத்தில் வால்வு வெறும் இரட்டை முக்கோணக் குறியாக இருந்தது. பொறியியல் வரைபடத்தில் அது சரி. பம்ப் கொட்டகையில் நிற்பவருக்கு அதில் ஒன்றும் இல்லை.

முதலில் இரண்டு பக்கங்களாகத்தான் பிரித்தேன்: முதல் வால்வு திறந்தது, இரண்டாவது வால்வு திறந்தது. அதை அந்த உழவரின் தந்தையிடம் காட்டினேன். அவர் பயிற்சிக்கு வராதவர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நடுவில் ஒன்று குறைகிறதே. மடை மாற்றும்போது அடுத்த மடையைத் திறந்துவிட்டுத்தானே இதை அடைப்போம்?" என்றார்.

அவர் சொன்னதுதான் சொட்டுநீரிலும் சரியான முறை. முதல் வால்வை மூடிவிட்டு இரண்டாவதைத் திறக்கப் போனால், அந்த இடைவெளியில் தண்ணீருக்குப் போக வழியில்லாமல் குழாயில் அழுத்தம் ஏறி இணைப்புகள் பிடுங்கிக்கொள்ளும். அடுத்ததைத் திறந்து, பிறகு முந்தையதை மெதுவாக மூட வேண்டும். ஆகவே பக்கம் மூன்றாயிற்று, நடுப் பக்கத்தில் இரண்டு வால்வுகளும் திறந்திருக்கும், அதன் மேல் ஒரு கை முதல் வால்வின் பிடியைத் திருப்பிக்கொண்டிருக்கும். கை இல்லாமல் வரைந்தால் பழைய தவறே மறுபடி வரும். அன்றிலிருந்து படத்தில் 'பிரிவு 1, பிரிவு 2' என்று எழுதுவதை விட்டு 'முதல் மடை, இரண்டாம் மடை' என்று எழுதுகிறேன். எல்லா மடையையும் ஒன்றாகத் திறந்தால் கடைமடை காயும் என்பதை இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பிழை போய்விட்டதா என்று பார்க்க ஒரு வழி: திருத்திய பக்கங்களைக் கறுப்பு வெள்ளையில் அச்செடுத்து, பயிற்சிக்கு வராத ஒருவரிடம் கொடுத்து, நீங்கள் ஒரு சொல்லும் சொல்லாமல், "இதைப் பார்த்தால் எந்தப் பிடியை எப்போது திருப்புவீர்கள்?" என்று கேளுங்கள். புரிந்ததா என்று கேட்டால் புரிந்தது என்றே பதில் வரும். அந்தக் கேள்வியை நான் விட்டுவிட்டேன்.

அறிகுறி: "இவ்வளவு பெரிய வழி எப்படி அடைக்கும்?" என்று கேட்கிறார்கள்

சொட்டுவானை நெடுக வெட்டி, உள்ளே வளைந்து வளைந்து போகும் தண்ணீர்ப் பாதையைத் திரை முழுவதும் பெரிதாக்கிக் காட்டியிருந்தேன். படம் அழகாக இருந்தது. பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா, "இதில் மண் அடைத்துக்கொள்ளுமா? எலியே போகும் போலிருக்கிறதே" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள், ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. வடிகட்டியைக் கழுவாமல் விட்ட இருவரிடம் பிறகு பேசியபோது, அடைப்பு என்பது கூழாங்கல் போன்றது வந்து விழுவது என்றே அவர்கள் நினைத்திருந்தது தெரிந்தது.

பெரிதாக்கிய படத்தின் பக்கத்தில், அதே அளவுக்குப் பெரிதாக்கிய பழகிய பொருள் ஒன்று இருக்க வேண்டும். நான் தீக்குச்சியை வைத்தேன். பக்கத்துக் குடியாத்தத்தில் தீப்பெட்டித் தொழில் இருப்பதால் அதன் தடிமன் எல்லோருக்கும் விரல் நுனியில் தெரியும். வெட்டிய சொட்டுவானையும் குச்சியையும் ஒரே புகைப்படத்தில் எடுங்கள், தனித்தனியாக எடுத்துக் கணினியில் ஒட்டாதீர்கள். பாதையின் அகலம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். குச்சி அதற்குள் நுழையவே நுழையாது என்பது அப்போது கண்ணுக்குத் தெரியும். வடிகட்டியில் உள்ள 120 மெஷ் வலையின் துளை 0.13 மில்லிமீட்டர்தான் என்று சொன்னால், அந்த வலை ஏன் அவ்வளவு நெருக்கமாக இருக்கிறது, ஏன் சீக்கிரம் அடைத்துக்கொள்கிறது என்பதும் கூடவே விளங்கிவிடும்.

இன்னும் நல்ல வழி, அந்தப் பக்கம் வந்ததும் பவர்பாயிண்டில் `B` விசையை அழுத்துவது. திரை கறுப்பாகும், எல்லாக் கண்களும் உங்கள் கைக்கு வரும். நெடுக வெட்டிய உண்மையான குழாய்த் துண்டை வரிசையாகக் கையில் கொடுத்து அனுப்புங்கள். அது திரும்பி வந்த பிறகு அதே விசையை அழுத்தினால் படம் மீண்டும் வரும்.

அறிகுறி: வடிகட்டியைக் கழுவுகிறார்கள், ஆனாலும் சேறு கொல்லைக்குப் போகிறது

ஒரு பக்கத்தில் ஆறு சிறு படங்களை, மேலே மூன்று கீழே மூன்றாக வைத்திருந்தேன். பம்பை நிறுத்து, மூடியைத் திற, வலையை எடு, தேய்த்துக் கழுவு, ரப்பர் வளையத்தைப் பார்த்து வலையை உட்காரவை, மூடு. நான் இடமிருந்து வலமாகப் படித்தேன். எழுத்தை நம்பாமல் படத்தை மட்டும் பார்ப்பவர்களில் சிலர் மேலிருந்து கீழாகப் பார்த்திருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் பம்பை நிறுத்தியதும் அடுத்தது 'கழுவு'. வலையை வெளியே எடுக்காமல், மூடியைத் திறந்து உள்ளேயே தண்ணீரை ஊற்றித் தேய்த்தார் ஒருவர். வலையில் ஒட்டியிருந்த அழுக்கு உட்புறம் போய், பம்ப் ஓடியதும் நேராகக் குழாய்க்குள் இறங்கியது.

படத்தில் ஒரு மூலையில் எண் இருந்தது. சிறியதாக, அலங்காரமான வட்டத்துக்குள். அதை யாரும் பார்க்கவில்லை. இப்போது ஒரு பக்கத்துக்கு ஒரே படம், உள்ளங்கை அளவுக்கு எண், ஒவ்வொரு படத்திலும் அதே கை, அதே வடிகட்டி, அதே கோணம். அச்சிட்டுக் கொடுக்கும்போது ஒரே நீண்ட வரிசையாக, மேலிருந்து கீழாக மட்டும். இரண்டு பத்தி ஆக்கவே கூடாது என்பது என் முடிவு.

எப்போது கழுவுவது என்பதும் இதே தொகுப்பில் பிழையாக இருந்தது. 'இரண்டு அளவிகளுக்கும் இடையே வித்தியாசம் 0.5 கிலோ ஆனால் கழுவவும்' என்று எழுதியிருந்தேன். சரியான வாசகம்தான். ஆனால் அளவியை எண்ணாகப் படிப்பவர்கள் குறைவு, கடிகாரம் போல முள் நிற்கும் இடத்தைப் பார்ப்பவர்களே அதிகம். ஆகவே ஒரு கொட்டகையில், வலையைக் கழுவியவுடன் வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு அளவிகளையும் ஒரு படம் எடுத்தேன். முன்னால் 2, பின்னால் 1.8. அடைத்துக்கொண்ட பிறகு மறுபடி ஒரு படம், முன்னால் 2, பின்னால் 1.5. இரண்டையும் மேலும் கீழுமாக வைத்தேன். கொல்லையில் அளவியின் கண்ணாடி மேலேயே, கழுவியவுடன் முள் நின்ற இடத்தில் பச்சைத் துண்டும், கழுவ வேண்டிய இடத்தில் சிவப்புத் துண்டும் ஒட்டச் சொல்கிறேன். பைபாஸைத் திருப்பி முன் அளவியை எப்போதும் ஒரே இடத்தில் நிறுத்திக்கொண்டால்தான் இந்தத் துண்டுகள் உண்மையைச் சொல்லும்.

அறிகுறி: அமிலப் படத்தைப் பார்த்தவர் முறையைத் தலைகீழாகச் சொல்கிறார்

இதைக் கண்டால் அந்தத் தொகுப்பைத் திருத்தும் வரை யாருக்கும் காட்டாதீர்கள்.

பாலாற்றுப் பக்கப் போர்களில் பல இடங்களில் கடின நீர். தண்ணீர் காய்ந்ததும் சொட்டுவான் வாயில் வெள்ளைப் பொருக்கு நிற்கும். அதன்மேல் ஒரு சொட்டு அமிலம் விட்டால் பொங்கி நுரைக்கும். அப்படியானால் அது சுண்ணாம்புப் படிவு, அமிலத்துக்குக் கரையும். நுரைக்காமல் பாசி போல வழவழவென்று இருந்தால் அதற்கு அமிலம் மருந்தல்ல.

அமிலப் பக்கத்தில் நான் இரண்டு படங்கள் வைத்திருந்தேன். ஒன்றில் தண்ணீரில் அமிலத்தை ஊற்றுகிறார்கள், அதில் பச்சை டிக். மற்றொன்றில் அமிலத்தில் தண்ணீரை ஊற்றுகிறார்கள், அதன்மேல் சிவப்புப் பெருக்கல் குறி. மதியம் ஒருவரிடம் செய்முறையைச் சொல்லச் சொன்னேன். "முதலில் ஆசிட், அதில் தண்ணீர் விட வேண்டும்" என்றார். அவர் மனத்தில் இரண்டு செயல்களும் தங்கிவிட்டன, குறி மட்டும் தங்கவில்லை. அடர் அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் சூடேறித் தெறிக்கும். முகத்துக்கு நேரே நடக்கும் காரியம் இது.

மற்ற இடங்களில் தவறான செயலைப் படமாகக் காட்டலாமா என்பது விவாதத்துக்குரியது. அமிலத்தில் விவாதமே இல்லை. சரியான செயலை மட்டும் காட்டுங்கள்: நிறைய தண்ணீருள்ள பிளாஸ்டிக் வாளி, கையுறை, கண்ணாடி, காற்று முதுகுப்பக்கமிருந்து அடிக்க நிற்பவர், மெல்லிய தாரையாக வாளிக்குள் இறங்கும் அமிலம். இந்தப் பக்கத்துக்கு முன்னும் பின்னும் பிளீச்சிங் பவுடர் பற்றிய பக்கம் எதுவும் வரக் கூடாது. பாசிக்கு அதைப் பயன்படுத்தும் முறையைத் தொகுப்பில் தொலைவாக, முடிந்தால் வேறொரு நாளுக்குத் தள்ளுங்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

இதே பக்கத்தில் இன்னொரு பிழை. 'முக்கால் லிட்டர் அமிலம்' என்று எழுதியிருந்தேன். எல்லோரும் அந்த எண்ணைத்தான் குறித்துக்கொண்டார்கள். அது ஒரே ஒரு போருக்கான கணக்கு. அந்தப் போரின் 10 லிட்டர் தண்ணீரில், கடையில் கிடைக்கும் 33 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒவ்வொரு மில்லியாக விட்டுக் கலக்கி, பிஎச் தாளில் 4 என்ற நிறம் வரும் வரை பார்த்ததில் 7 மில்லி ஆனது. ஒரு மடையில் மணிக்கு 4,350 லிட்டர் என்றால் கால் மணி நேரத்தில் ஓடும் தண்ணீர் சுமார் 1,090 லிட்டர். 10 லிட்டருக்கு 7 மில்லி வீதம் அது ஏறக்குறைய 760 மில்லி. பக்கத்துக் கொல்லையின் தண்ணீரில் உப்பு கூடினாலும் குறைந்தாலும் இந்த எண் மாறும். எண்ணை அழித்துவிட்டு வாளிச் சோதனையை மூன்று படங்களாக வைத்தேன். இறுதி அளவு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெற்றுக் கட்டம் மட்டும் இருக்கிறது. அவரவர் தண்ணீரைக் கொண்டுவரச் சொல்லி, கூடத்திலேயே சோதித்து, அவரவர் தாளில் அந்தக் கட்டத்தை நிரப்புகிறோம்.

அமிலம் போன பிறகு 24 மணி நேரம் நிறுத்தி வைத்து, குழாய்களின் கடைமுனையைத் திறந்து அலச வேண்டும். இங்கேயும் என் படம் எல்லாக் கடைமுனைகளும் ஒன்றாகத் திறந்திருப்பதைக் காட்டியது. அப்படித் திறந்தால் தண்ணீர் வேகமில்லாமல் கசியும், கரைந்த பொருக்கு வெளியேறாது. மூன்று நான்கு வரிசையாகத் திறந்து, தெளிந்த தண்ணீர் வந்ததும் மூடி, அடுத்த மூன்று நான்குக்குப் போக வேண்டும். மடைப் படத்தில் செய்த அதே திருத்தம்தான்: நிலைக்கு ஒரு பக்கம், திறக்கும் கை தெரிய வேண்டும்.

அறிகுறி: திரையில் மண்ணும் குழாயும் ஒன்றாகத் தெரிகின்றன

சமுதாயக் கூடத்தில் மூன்று பக்கமும் வெளிச்சம். செம்மண் மேல் கறுப்புக் குழாய் என்று எடுத்த புகைப்படங்கள் திரையில் சாம்பல் நிறமாகவே தெரிந்தன. குழாய்க்கு அடியில் வெள்ளை உரச்சாக்கை விரித்து மறுபடி எடுத்தேன். வரைபடங்களில் கோட்டைத் தடிமனாக்கி, பின்னணியை வெள்ளையாக்கினேன்.

மின்சாரம் நின்றால் திரையே இல்லை என்பதால், மடை மாற்றும் மூன்று படங்களையும் வடிகட்டிப் படங்களையும் மட்டும் ஃபிளெக்ஸில் அச்சடித்து வைத்திருக்கிறேன். பயிற்சி முடிந்ததும் ஒன்றை அந்த உழவரின் பம்ப் கொட்டகைச் சுவரில், வால்வுக்கு நேர் மேலே அடித்தோம். முதலில் அதைத் தலைகீழ் வரிசையில் மாட்டிவிட்டோம்: சுவரில் முதல் மடையின் படம் வலப்பக்கம், தரையில் முதல் மடையின் வால்வு இடப்பக்கம். அவருடைய மகள் பார்த்துச் சொன்னாள். கழற்றி, படத்தில் இருக்கும் வால்வு எந்தப் பக்கமோ தரையில் இருக்கும் வால்வும் அந்தப் பக்கமாக வருமாறு எதிர்ச்சுவரில் மாட்டினோம். இப்போது ஃபிளெக்ஸை அச்சுக்குக் கொடுக்கும் முன் கொட்டகையின் வாசலில் நின்று ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டு, அந்தப் பார்வையிலேயே வரைகிறேன்.